லேப் அண்ணாச்சி சொன்ன மூன்று மணி ஐந்து நிமிடம்

இந்தக் கரிசல் பூமியில் மனிதர்களை முகத்தால் அறியாமல் நொடியால் மட்டுமே அறிந்தவர் ஒருவர்தான் உண்டு. லேப் அண்ணாச்சி. கட்டின மனைவியே நெஞ்சில் எண் குத்திக்கொண்டு வந்தால்தான் நிமிர்ந்து பார்ப்பார் என்பார்கள்.

கோவில்பட்டியிலிருந்து கழுகுமலைக்கு இருபத்தொன்று புள்ளி ஒன்று கிலோமீட்டர் ஓட்டப்பந்தயம். பதினாலாவது கிலோமீட்டர் தண்ணீர்ப் பந்தலில் அவர் தன்னார்வலர். தம்ளர் நீட்ட மாட்டார். புறப்பாட்டுக் கோட்டிலிருந்து போன் வந்த கணத்தில் ஸ்டாப்வாட்ச்சைத் தட்டிவிடுவார், பிறகு நிறுத்துவதில்லை. ஒவ்வொருவரும் கடக்கையில் அதுவரை ஆன நேரத்தைப் பிடித்துக் காட்டும் லேப் பொத்தானை அழுத்தி, அந்த நேரத்தைப் பதினாலால் வகுத்து, இருபத்தொன்று புள்ளி ஒன்றால் பெருக்கி, களைப்புக்கு ஒரு நிமிடம் கூட்டி, முடிவு நேரத்தை முதுகுக்குப் பின்னால் கூவுவார்.

மூன்று மணி நேரத்துக்குள் முடித்தால்தான் பதக்கம். ஐம்பதை நெருங்கும் வயதில், பதக்கத்தோடு வருவேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு வந்திருந்தேன். பந்தலைக் கடந்ததும் என் எண்ணைக் கூவினார்.

"ஏ நானூத்தி ஏழு, ரெண்டு மணி ரெண்டு நிமிஷம். நீங்க முடிக்கையில மூணு அஞ்சு. மெதுவாவே போங்க, பதக்கம் உங்களுக்கில்ல."

காற்றே இல்லாத கரிசலில் என் கால்கள் அதைக் கேட்டுக்கொண்டன. இன்னும் கொஞ்ச தூரம் இழுத்துப் பார்த்துவிட்டு நடக்கத் தொடங்கினேன்.

இதற்கிடையே கழுகுமலை முடிவுக் கோட்டிலிருந்து அவர் மச்சினன் போன் செய்துகொண்டே இருந்திருக்கிறார்; நான் கடந்த பிறகுதான் அண்ணாச்சி எடுத்திருக்கிறார்.

"மாமா, மொத ஆளு நீங்க சொன்னதவிட நாலு நிமிஷம் முந்தி வந்துட்டான்."

"பருத்திக்காட்டுக்குள்ள குறுக்க ஓடியிருப்பான். பிடிச்சு வைய்யி."

"பின்னால வந்த இருவது பேருமா மாமா?"

அப்போதுதான் அண்ணாச்சிக்கு உறைத்திருக்கிறது. பதினாலாம் கிலோமீட்டர் அட்டையை முந்தின நாளே ஆடுகள் தின்றுவிட்டன. தண்ணீர் கொண்டுவந்த டெம்போக்காரர் நிழலைப் பார்த்து, அரைக் கிலோமீட்டர் தள்ளி வேப்பமரத்தடியில் மேசையை இறக்கியிருக்கிறார். அண்ணாச்சி மேசையை நம்பிவிட்டார்.

நான் ஆறு நிமிடம் நடந்திருப்பேன். பின்னால் மொபெட் அலறியது.

"ஏ நானூத்தி ஏழு, நடக்காதீய. நீங்க கடந்தது பதினாலு இல்ல, பதினாலரை. ஓடியிருந்தா ரெண்டு அம்பத்தெட்டரை."

"இப்ப?"

கைப்பிடியில் நோட்டை அழுத்திக் கணக்குப் போட்டார். மொபெட் வாய்க்காலுக்குள் இறங்கி ஏறியது.

"ஓடாம நடந்ததுல ஒண்ணே முக்கா நிமிஷத்துக்கு மேல போச்சு. மூணு மணி பதினெட்டு செகண்டு."

"அப்ப பதக்கம் இல்லையே அண்ணாச்சி."

"கணக்குப்படி இல்ல." நோட்டை மூடிச் சட்டைக்குள் செருகினார். "கணக்க விட்டுட்டு ஓடுங்க."

அந்த வாயிலிருந்து அப்படியொரு சொல் வந்ததில் மிரண்டு ஓடினேன். மலை என்னை நோக்கி நடந்து வந்தது. இரண்டு மணி ஐம்பத்தொன்பது நிமிடம் ஐம்பது நொடி. கழுத்தில் பதக்கம்.

கோட்டருகே அவர் வாட்ச்சைப் பார்த்தபடி வாடி நின்றார். "கணக்கு இருவத்தெட்டு செகண்டு தப்பிப்போச்சு."

அந்தத் துக்கத்தில் அவர் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை என்று கேள்விப்பட்டேன். மூன்றாம் நாள் கடலைமிட்டாய் வாங்கிக்கொண்டு போய், துக்கம் கேட்க வந்தவன்போல வெகுநேரம் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.