மூன்றாம் ஓலைக்கு முன்

கம்பைநல்லூர்,
திங்கட்கிழமை.

சேலத்து விடுதியில் தங்கி, ஊரார் பிள்ளைகளை அதட்டுவதற்கு முறைப்படி பயிற்சி எடுத்துவரும் அன்புத் தோழி பாக்கியமேரிக்கு, மிக்கேலம்மாள் எழுதுவது. இங்கு நானும் என் வாயும் நலம். உன் நலத்துக்கு மாதாவை வேண்டுகிறேன். இந்தக் கடிதத்தைப் படித்து முடிக்கும்போதும் நீ நலமாக இருக்க வேண்டும் என்று சேர்த்தே வேண்டிக்கொண்டேன்.

முதலில் ஒன்று. இது விளையாட்டில்லை. பத்தாம் வகுப்பில் நீ பெயிலாகிவிட்டாய் என்று நான் விளையாட்டுக்குச் சொல்லி, உன் அம்மா உலையை இறக்கி வைத்துவிட்டு அழுதது எனக்கு மறக்கவில்லை. அதனால்தான் பார்த்ததைத் தனியாகவும் என் மண்டை கற்பனை செய்ததைத் தனியாகவும் எழுதுகிறேன். இரண்டையும் கலந்துவிடாதே.

சனிக்கிழமை மாரண்டஹள்ளியில் சித்தி வூட்டுக்குப் போயிருந்தேன். தக்காளி மண்டிக்குப் பின்சந்தில் உன் வியாகுலத்தைப் பார்த்தேன். அன்றைக்கு அரூரில் மின்கம்பத்தில் வேலை என்று உனக்கு எழுதியிருந்தாரே, அதே வியாகுலம். நிச்சயத்தில் நீ போட்ட மோதிரத்தைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் போட்டார். ஒரு வூட்டுக்குள் கூப்பிடாமல் நுழைந்தார். செருப்பை எங்கே விடுவது என்று யோசிக்கவே இல்லை, கால் தானாக மூலைக்குப் போனது. பானையில் அவரே தண்ணீர் மொண்டு குடித்தார். ஒரு சின்னப் பெண் ஓடி வந்து, கேட்காமல் கொள்ளாமல் அவர் பைக்குள் கைவிட்டுக் கடலை உருண்டை எடுத்தாள். பின்னால் ஒரு பொம்பளை முறத்தோடு வந்து, "இவ்ளோ நேரங்களா?" என்றாள். பார்த்தது இவ்வளவுதான். தாலி இருந்ததா என்று தெரியாமல் முறம் மறைத்துவிட்டது. குழந்தை அவரை என்ன முறை வைத்துக் கூப்பிட்டது என்றும் காதில் விழவில்லை. அக்காவாக இருக்கலாம், அண்ணியாக இருக்கலாம். வேறாகவும் இருக்கலாம் என்று என் மண்டை சொல்கிறது. என் மண்டையை உனக்குத் தெரியும்.

திரும்பும்போது அவர் என்னைப் பார்த்துவிட்டார். முகம் வெளுத்துப் போய், "மேரிகிட்ட இப்போ சொல்லிடாதம்மா" என்றார். அதைச் சொல்லாமல் இருந்திருந்தால் நான் உனக்கு எழுதியிருக்க மாட்டேன்.

மறுநாள் கோயிலில் உங்கள் கல்யாண அறிவிப்பு, இரண்டாம் ஓலை. தடை தெரிந்தவர்கள் அறிவிக்கக் கடமைப்பட்டவர்கள் என்று சாமியார் வாசித்ததும் எனக்கு இருமல் வந்தது. வெறும் இருமல்தான் மேரி. ஆனால் பெண்கள் பக்கம் முழுக்கத் திரும்பி, "ஆரம்பிச்சிட்டாடி" என்று சிரித்தது. வாயை மூடிக்கொண்டேன். மூடியதும் நல்லதுதான். எழுந்து சொல்லியிருந்தால், அது பொய்யானாலும் அந்த மனுசனை ஊர் வாழ்நாளெல்லாம் அப்படித்தான் பார்க்கும். மெய்யானால் உன்னைத்தான் பார்க்கும். அதனால் என் அம்மாவிடமும் சொல்லவில்லை. முதலில் தெரிய வேண்டியவள் நீ.

நம்பு என்று சொல்லவில்லை, கேள் என்கிறேன். அவரிடமே கேள். மாரண்டஹள்ளியில் யார் இருக்கிறார்கள் என்று மட்டும் கேட்டுவிட்டு, பதில் வரும்வரை சும்மா இரு. இன்னொன்று, அவர் ஊர்ப் பங்குக் கோயிலிலிருந்து வர வேண்டிய தடையில்லாக் கடிதம் இன்னும் வரவில்லை என்று உபதேசியார் முணுமுணுத்தார். கேட்கும்போதெல்லாம் இவர் "அடுத்த வாரம் வந்துடும்" என்கிறாராம். தபால் தாமதமாகவும் இருக்கலாம். கேட்டுப் பார்த்துவிட்டு நீ என்ன முடிவெடுத்தாலும் எடு. கட்டிக்கொண்டாலும் உனக்குப் பூக்கட்ட வருவேன். என்மேல் கோபம் வந்தால் அதையும் வைத்துக்கொள், நீண்ட நாள் வேண்டாம்.

உன் மாதா உன்னையும், எனக்கு மிச்சம் இருந்தால் என்னையும் காக்கட்டும்.

இப்படிக்கு,
இந்த ஒரு தடவை சிரிக்காத,
மிக்கேலம்மாள்.

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் அவரே வந்துவிட்டார், குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு. முன்பே ஒரு கல்யாணம் ஆனதாம். மனைவி பிரசவத்தில் இறந்துவிட்டாளாம். முறத்தோடு வந்தது இறந்தவளின் அக்கா, குழந்தையை அவள்தான் வளர்க்கிறாளாம். அந்த வூட்டுச் சுவரில் இறந்தவள் படம் இருக்கிறதாம், அதனால்தான் மோதிரத்தைக் கழற்றினாராம். இரண்டாந்தாரம் என்றால் உன் அப்பா கொடுக்க மாட்டார் என்று மறைத்தாராம். எல்லாம் 'ஆம்' போட்டு எழுதியதுதான், அவர் சொன்னது, நான் பார்த்ததில்லை. அவர் பங்கில் இறப்புப் பதிவு இருக்கும், நீ பார்த்துக்கொள். "நீ எழுதற கடுதாசியிலயே என்னுதையும் சேத்து எழுதிடும்மா, எனக்குக் கை வரல" என்று அழுதார். மூன்றாம் ஓலைக்கு முன் நீ வந்து நேரில் கேட்க வேண்டுமாம்.

மேலே என் மண்டை சொன்னதை அடித்துவிடு. பார்த்ததை அடிக்காதே. இத்தனை நாள் அவர் உன்னிடம் சொல்லாதது சொல்லாததுதான்.

அவர் அழும்போது அந்தக் குழந்தை இடுப்பிலிருந்து இறங்கி என் பாவாடையைப் பிடித்து இழுத்து, "புது அம்மா எப்போ வரும்?" என்று கேட்டது. எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருப்பவள் நான். கடலை உருண்டை வேண்டுமா என்று கேட்டேன்.