மேனேஜரின் அம்மாவிடம் ஒரு புகார்

முட்டாள்தனத்துக்கு வயது வரம்பு கிடையாது. என்னுடையது ஐம்பத்து நான்கில்தான் முழுசாகப் பூத்தது.

மலேசியாவின் துறைமுக நகரமான கிளாங்கில், கண்டெய்னர்களைச் சுங்கத்திலிருந்து விடுவிக்கும் பத்திரங்களைத் தயாரிக்கிற அலுவலகம் எங்களுடையது. எனக்கு இருபத்திரண்டு வருட சர்வீஸ் இருந்தபோது புது மேனேஜராகத் தர்ஷன் வந்தார். வயது இருபத்தொன்பது, என் மகளைவிட ஒரே ஒரு வயது மூத்தவர். முதல் நாளே என்னை "ஆன்டி" என்றார். அலுவலகத்தில் மற்ற எல்லோருக்கும் பெயர் இருந்தது, எனக்கு மட்டும் உறவுமுறை. நானும் சும்மா விடவில்லை. மீட்டிங்கில் பத்துப் பேர் முன்னால் "சொல்லுங்க தம்பி" என்றேன். அவர் முகம் சுருங்கியதைப் பார்த்து எனக்குப் பரம திருப்தி. அதன்பிறகு எப்போதும் தம்பிதான். (எவ்வளவு பெரிய சாதனை!)

பிறகு புது சிஸ்டம் வந்தது. பழையதை ஆறு மாதத்தில் மூடிவிடுவார்களாம். பயிற்சிப் பட்டியல் வாட்ஸ்அப் குழுவில் வந்தபோது அதில் இரண்டு பிரிவாக ஒன்பது பெயர்கள் இருந்தன, என் பெயர் மட்டும் இல்லை. பயிற்சி எடுக்காதவருக்கு லாகின் கிடையாது. லாகின் இல்லாதவர் ஃபைல் அடுக்கலாம், தபால் பிரிக்கலாம். அறுபதில் ஓய்வு பெறும்வரை தபால் பிரித்தே காலம் தள்ளுவதா? பயந்துவிட்டேன்.

பக்கத்து மேசை ஷாலினியிடம் விசாரித்தேன்.

"ஆன்டிக்கு எதுக்கு ஸ்ட்ரெஸ், விட்டுடுங்கன்னு பாஸ்தான் சொன்னாரு லா."

அக்கறையாம்! திறமை இல்லை என்று சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். அக்கறையோடு எப்படிச் சண்டை போடுவது?

அறிவுள்ளவள் என்றால் பத்தடி நடந்து அவர் கதவைத் தட்டிக் கேட்டிருப்பாள். நானோ, பொடியனிடம் போய்க் கெஞ்சுவதா என்று மூன்று வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன்.

அந்தச் சமயத்தில் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஷாலினிக்குக் கல்யாணம். அலுவலகமே வந்திருந்தது. தர்ஷன் தன் அம்மாவையும் அழைத்து வந்திருந்தார். அம்மா! என் மூளையில் விளக்கு எரிந்தது. நேராகப் போய் அந்த அம்மாள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"அக்கா, உங்க பையன் நல்ல பிள்ளைதான். ஆனா பெரியவங்களை ஒதுக்கக் கூடாதுன்னு கொஞ்சம் சொல்லி வைங்க." (அந்த அக்கா என்னைவிட இரண்டு வயது சின்னவர் என்பது பிறகுதான் தெரிந்தது.)

வீட்டுக்குப் போய்த் தனியாகக் கண்டிப்பார் என்று நினைத்தேன். அந்த அம்மாள் அங்கேயே எழுந்து நின்றார்.

"டேய் தர்ஷா! இங்க வா!"

பிரியாணித் தட்டோடு வந்தார் மேனேஜர்.

"இவங்க உனக்குப் பெரியம்மா மாதிரி. மனசு நோக வச்சிட்டியாமே? கால்ல விழுடா!"

"ஐயோ, வேணாங்க்கா" என்று நான் அலறியது நாதஸ்வரத்தில் அமுங்கிப்போனது. தட்டை நாற்காலியில் வைத்துவிட்டு, பத்துப் பேருக்கு மேலதிகாரி என் காலில் விழுந்தார். எங்கள் சீன முதலாளி இதுவும் கல்யாணச் சடங்கு என்று நினைத்து, ஆசையாகப் போட்டோ எடுத்து அலுவலகக் குழுவில் போட்டார். எனக்கு அப்படியே மண்ணுக்குள் போய்விடலாம் போலிருந்தது.

திங்கட்கிழமை மேனேஜர் அறைக்கு அழைப்பு வந்தது.

"டிரெய்னிங் வேணும்னா என்கிட்ட கேட்டிருக்கலாமே?"

"வேணுமா வேணாமான்னு நீங்க என்கிட்ட கேட்டிருக்கலாமே?"

அவரும் தன் புகாரை எடுத்தார். "ஸ்பீக்கர் போன்ல நீங்க என்னைத் தம்பின்னு கூப்பிடறதைக் கேட்டு, கஸ்டமர் 'உங்க மேனேஜர்கிட்ட குடுங்க'ங்கறாரு."

அது எனக்குத் தோன்றவே இல்லை. அவரைச் சின்னவராக்க நான் சொன்ன சொல் நன்றாகவே வேலை செய்திருக்கிறது. வெட்கமாக இருந்தது. ஆனாலும் கேட்க வேண்டியதைக் கேட்டேன்: "ஆறு மாசம் கழிச்சு எனக்கு என்ன வேலை?"

அதைப் பற்றி அவர் யோசிக்கவே இல்லை என்பது முகத்தில் தெரிந்தது. இரண்டாவது பிரிவில் என் பெயரைச் சேர்த்தார். பயிற்சியில் நான் முதலாகவும் வரவில்லை, கடைசியாகவும் வரவில்லை. அன்று முதல் அவர் "மிஸ் சாந்தி" என்கிறார், நான் "மிஸ்டர் தர்ஷன்" என்கிறேன். நாங்கள் சிரித்துப் பேசிக்கொள்வதில்லை. வேலை நடக்கிறது.

வீட்டில் மட்டும் மானம் திரும்பவில்லை. இன்டர்நெட் நின்றாலும் குப்பை லோரி வராவிட்டாலும், நான் கத்த ஆரம்பித்ததும் என் கணவர் போனை எடுத்து, "இரு, அவங்க அம்மா யாருன்னு விசாரிக்கறேன்" என்பார்.

போன மாதம் பாசாரில் மீன் வாங்கிக்கொண்டிருந்தேன். நரைத்த மீசைக்காரர் ஒருவர் தயங்கித் தயங்கி வந்தார். என் மகள் ரவாங்கில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர்.

"நீங்க கவிதாவோட அம்மாதானே? உங்க மக நல்ல பொண்ணுதான்மா. ஆனா..."