வட்டியில்லா மாடி

மனித குலத்தின் கண்டுபிடிப்புகளில் மாசற்றது சீட்டு. அதற்கடுத்த பெருமை, சீட்டுப் பிடிக்கும் எனக்கு.

2021 தையில் சாய்ந்தமருதில் இருபது பேரைச் சேர்த்தேன். ஆளுக்கு மாதம் பத்தாயிரம். மாதம் ஒருவருக்கு இரண்டு லட்சம். முதற்சீட்டு எனக்கு. யாராவது கட்டாமல் விட்டால் நான் கட்ட வேண்டுமே, அந்த 'மாபெரும் பொறுப்பு'க்கான மரியாதை. மற்றவர்களுக்குக் குலுக்கல். எடுத்தவரும் கடைசி மாதம்வரை கட்டியாக வேண்டும். ஏலமில்லை, கழிவில்லை, வட்டியில்லை.

என் இரண்டு லட்சத்தில் சீமெந்து மூட்டை ஆயிரம் ரூபாய்க்கு வாங்கி, மாடி கட்டினேன்.

பக்கத்து வீட்டு ஸம்றா, மகளின் கலியாணத்துக்கு முன் அவளுக்கான வீட்டுக்குக் கொங்கிரீட் கூரை, அதாவது பிளேட், போடச் சேர்ந்தாள். அவள் தங்கை மர்ஷூதா அதே பத்தாயிரத்தை மாதாமாதம் வங்கியில் போட்டாள்.

"வட்டிக் காசு நெருப்புடி!" என்றாள் ஸம்றா.

"வட்டிய நான் தொடமாட்டன் ராத்தா. முதல் மட்டும்தான் என்ட."

மூன்றாம் மாதக் குலுக்கலில் ஸம்றாவின் பெயர் விழுந்தது. சீட்டிலிருந்த என் தம்பி றஸாக்குக்கு மோட்டார் சைக்கிள் அவசரம்.

"மகள்ட கலியாணத்துக்கு இன்னும் காலம் இரிக்கி. இத அவனுக்கு விட்டுக் குடுத்திட்டு, கடைசிச் சீட்ட நீங்க எடுங்க. நன்மை கிடைக்கும்" என்றேன் ஸம்றாவிடம்.

"காசு குறையாதே காக்கா?"

"ஒரு சதமும் குறையாது."

வாக்கைக் காத்தேன். 2022 ஆவணியில் முழுதாக இரண்டு லட்சம் கொடுத்தேன். நாட்டு நெருக்கடியில் சீமெந்துதான் ஒழுங்கீனமாக நடந்து, மூட்டை மூவாயிரமாகியிருந்தது. காசு கம்பிக்கும் மணலுக்குமே போதுமாயிற்று. மாப்பிள்ளை வீட்டார் தெளிவாகச் சொன்னார்கள்: பிளேட் போட்ட பிறகுதான் நிக்காஹ்.

மர்ஷூதா தன் இரண்டு லட்சத்தை ஒரு வருட நிலையான வைப்பில் இட்டாள். அப்போது வட்டி நூற்றுக்கு இருபதையும் தாண்டியிருந்தது. வருட முடிவில் நாற்பதாயிரத்துக்கு மேல் வந்தது. மௌலவியிடம் கேட்டாள். வட்டியைத் தான் அனுபவிக்கக் கூடாது, நன்மையும் எதிர்பார்க்கக் கூடாது, ஏழைக்குக் கொடுத்துவிட வேண்டும் என்றார். அவள் ஏழை தேடி நேரே அக்காவிடம் வந்தாள்.

"எடுங்க ராத்தா. சீமெந்து வாங்குங்க."

"என்னடி, நான் ஏழையா?"

"காக்காட சீட்டுக் கட்டினீங்களே!"

மார்க்கத்துக்கு ஆபத்து வந்தால் நான் சும்மா இருப்பவனா? மாடியிலிருந்து இறங்கி ஓடினேன்.

"வட்டிக் காசில பிளேட் போட்டா அந்த வூட்டில அல்லாஹ்ட பறக்கத் இரிக்குமா?"

ஸம்றா என் மாடியை நிமிர்ந்து பார்த்தாள்.

"இருபது மாசம் எங்கட காசு ஒங்கட வூட்டு மேல ஏறி நிண்டிச்சே. அதுக்கு என்ன பேர் காக்கா?"

"அது... ஊர்ச் சேவை."

அவள் தங்கையின் கையிலிருந்த காசை வாங்கி முந்தானையில் முடிந்தாள்.

"மர்ஷூதாட வட்டி சொந்தப் பேரோட வருது. ஒங்கடது தொப்பி போட்டுக்கிட்டு வருது."