டர்னரைக் காணோம்

எனக்குக் கூச்சம் அதிகம். கீரைக்காரம்மா ஒரு கட்டு குறைத்துக் கொடுத்தாலும் வாயைத் திறந்து கேட்க மாட்டேன், வாங்கிக்கொண்டு வந்துவிடுவேன். அப்படிப்பட்டவள் என்னுடைய அறுபத்தோராவது வயதில், ஓர் ஆண்பிள்ளை என்னை விட்டுப் போய்விட்டார் என்று நாற்பத்திரண்டு பெண்பிள்ளைகள் காதில் விழும்படி முக்கால் நிமிடம் புலம்பினேன். வேண்டுமென்று செய்யவில்லை. கை ஈரமாக இருந்தது.

ஒரகடத்தில் கம்பெனிகளில் வேலை பார்க்கும் பெண்கள் தங்கும் ஹாஸ்டலில் எனக்குச் சமையல் வேலை. என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து பத்தொன்பது வருடம். மகள் ஓசூரில். பேச்சுத்துணைக்கு ஆளில்லை என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. சொல்லாமலே கண்டுபிடித்தவள் முத்துலட்சுமி. தென்காசிப் பக்கத்துப் பெண். வண்டிப் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் குவாலிட்டி செக்கிங். கையில் எது கிடைத்தாலும் திருப்பித் திருப்பிப் பார்த்து, சரி, சரியில்லை என்று சொல்லாமல் வைக்க மாட்டாள். என் இட்லியையே அப்படித்தான் பார்ப்பாள்.

வயதானவர்கள் துணை தேடிக்கொள்ள ஓர் ஆப் இருக்கிறது என்று அவள்தான் என் போனில் போட்டுக் கொடுத்தாள். "பயப்படாதீய. நீங்க ஒருத்தருக்கு இதயம் போடணும், அவுகளும் உங்களுக்குப் போடணும். ரெண்டும் சேந்தாத்தான் மேட்ச். அப்பந்தான் பேசவே முடியும். ஒரு மாசம் ஆகுற மட்டும் போன் நம்பரு, ஹாஸ்டல் பேரு ரெண்டையும் யாருக்கும் சொல்லிராதீய."

என்னைப் பற்றி எழுத ஒரு பெட்டி இருந்தது. அதை மட்டும் நானே எழுதுகிறேன் என்றேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள், எழுத்தைத் தேடித் தேடித் தட்ட மூன்று நாள் ஆனது. 'பேச்சு குறைவு. பழகினால் பேசுவேன். சர்க்கரை உண்டு, மாத்திரையில் இருக்கிறது. ரசம் நன்றாக வைப்பேன். ஏரிக்கரையில் நடக்கப் பிடிக்கும்.' அவ்வளவுதான். ரேஷன் கார்டுக்கும் ஆதாருக்கும் வேறு யாரோதான் என்னைப் பற்றி எழுதினார்கள். என்னைப் பற்றி நானே எழுதியது அந்த ஐந்து வரிதான்.

இரண்டு வாரம் கழித்து மேட்ச் ஆனது. மறைமலை நகர்க்காரர். லேத்தில் இரும்பு கடையும் டர்னராக இருந்து ஓய்வு பெற்றவர். படத்தில் ஒரு குரோட்டன்ஸ் தொட்டிக்குப் பக்கத்தில், தொட்டி போலவே நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். எனக்குச் சட்டென்று தட்ட வராது, அவருக்குக் கண் சரியில்லை. ஆகவே இரண்டு பேரும் குரலில்தான் பேசிக்கொண்டோம். அவர் ஒன்று அனுப்புவார், நான் அரிசி களைந்துகொண்டே கேட்பேன். பதினொரு நாள். "இன்னைக்கு இன்னா ரசம்?" என்று தினம் கேட்பார். பத்தொன்பது வருடத்தில் என்னிடம் அதைக் கேட்ட முதல் ஆள். (ஹாஸ்டல் பிள்ளைகளும் கேட்பார்கள், ஆனால் அது 'ஐயோ, இன்னைக்கும் ரசமா' என்கிற தினுசில்.)

பன்னிரண்டாம் நாள் மதியம். சாப்பாட்டுக் கடை முடிந்து, சாயந்தரப் போண்டாவுக்கு உருளைக்கிழங்கை வேகவைத்துவிட்டு ஆப்பைத் திறந்தேன். டர்னர் இல்லை.

அவருடைய படம் இருந்த இடத்தில் ஒன்றும் இல்லை. அவர் பேசியது இல்லை. நான் பேசியதும் இல்லை. 'இன்னும் உரையாடல் எதுவும் இல்லை' என்று மட்டும் இருந்தது. பதினொரு நாள் தொண்டை வரளப் பேசியிருக்கிறேன், இன்னும் இல்லையாம்.

போன் கெட்டுவிட்டது என்று நினைத்து அணைத்துப் போட்டேன். டவர் இல்லையோ என்று மொட்டை மாடிக்குப் போய்க் கையைத் தூக்கிக் காட்டினேன். பேரைப் போட்டுத் தேடலாம் என்றால் அந்த ஆப்பில் தேடுகிற இடமே கிடையாது. அப்புறம்தான் பயம் வந்தது. மனுஷர் செத்துப்போய்விட்டாரோ. அதற்கும் பிறகுதான் அடுத்தது தோன்றியது. சாகவில்லை, என்னைப் பிடிக்கவில்லை. எனக்கு இரண்டாவதுதான் அதிகமாக வலித்தது. (இப்போது நினைத்தால் அந்த மனுஷரிடம் மன்னிப்புக் கேட்கத் தோன்றுகிறது.)

முத்துவுக்குச் சொல்ல வேண்டும் என்று வாட்ஸ்அப்பைத் திறந்தேன். முத்து இரண்டாவதாக இருந்தாள். முதலில் இருந்தது 'மெஸ் மெனு' குரூப், சற்று முன்தான் போண்டா என்று அறிவித்திருந்தேன். ஈர விரல் ஒரு வரிசை மேலே பட்டது. மைக்கை அழுத்திப் பேசினேன்.

"முத்து, டர்னரைக் காணோம்டி. நேத்து வரிக்கும் இருந்தாரு. மொளகு ரசத்தப் பத்தி ரெண்டு தபா சொன்னதுக்கா கோச்சுக்கினாரு? இல்ல, சக்கர கீதுன்னு எழுதுனதுக்கா? என் மூஞ்சி ரொம்பப் பழசா கீதா? எத எடுக்கணுமோ எடுத்துடு கண்ணு. எல்லாத்தயும் மாத்தி வேற மாதிரி எழுதிடு. வேற யாரோ மாதிரி கூட எழுதிடு, பரவாயில்ல."

விட்ட பிறகுதான் மேலே பார்த்தேன். மெஸ் மெனு. உடனே அதை அழுத்திப் பிடித்து அழித்தேன். அழிக்கும்போது ஏதோ இரண்டு வழி கேட்டது, பதறிப்போய் ஒன்றைத் தட்டினேன். குரல் மறைந்தது. அப்பாடா என்று உட்கார்ந்தேன். நான் தட்டியது 'எனக்கு மட்டும் அழி' என்பது. என் கண்ணுக்கு மட்டும் அது இல்லை. ஊருக்கெல்லாம் இருந்தது.

வார்டன் மேடம் கீழே 'நோட்டட்' என்று போட்டார். அவர் எதையும் கேட்காமலே நோட்டட் போடுகிறவர், அதனால் போண்டாவுக்குத்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

கம்பெனிக்குள் போனை லாக்கரில் வைத்துவிட வேண்டும். ஷிப்ட் முடிந்து பஸ் ஏறியதும்தான் கையில் எடுப்பார்கள். ஒரு பஸ் முழுக்க, ஒரகடம் சிக்னலில் நின்றுகொண்டு, என்னுடைய மிளகு ரசத்தைக் கேட்டிருக்கிறது. இது தெரியாமல் நான் நிம்மதியாக போண்டா பொரித்துக்கொண்டிருந்தேன். முதலில் உள்ளே வந்தவள் செய்யாறு பேபி. தட்டைக்கூட எடுக்காமல் என் தோளில் கை வைத்தாள்.

"வுடும்மா. அவன் குடுத்து வெச்சது அவ்ளோதான்."

"எவன்?"

"டர்னரு."

கரண்டி எண்ணெய்க்குள் போய்விட்டது.

அடுத்த கால் மணி நேரம் நடந்ததை நான் பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தேன். என் போன் மேசை மேல் கைமாறிக்கொண்டே போனது. "சக்கரய மொதல்ல தூக்கு." "ரசத்த எடுத்துட்டு டிராவல்னு போடு." "ஏரி வேணாம், பீச்." "பேச்சு குறைவுன்னு யாராச்சும் போடுவாங்களா? ஜாலி டைப்னு போடு." "வயச அம்பத்தஞ்சு ஆக்கு." ஒருத்தி என் படத்தில் ஏதோ தடவ, கன்னம் இரண்டும் பளிங்குத் தரையாகிவிட்டது. எதிர்த்துப் பேச எனக்கு ஏது வாய்? நான்தானே வேற யாரோ மாதிரி எழுதச் சொன்னேன்.

"இப்ப பாரும்மா" என்று பேபி நீட்டினாள்.

பார்த்தேன். பளபளவென்று ஒரு பொம்பளை. ஊர் சுற்றுகிறவள், கடற்கரைக்குப் போகிறவள், சிரித்துச் சிரித்துப் பேசுகிறவள்.

"யாரு இந்தம்மா? நல்லா கீறாங்க" என்றேன். சிரிப்பு கொஞ்சம் அடங்கியது.

அப்போதுதான் முத்து வந்தாள். அவளுக்குக் கடைசி பஸ். போனை வாங்கிப் பார்த்தாள், இட்லியைப் பார்ப்பது மாதிரி.

"சேவ் கொடுத்தாச்சா?"

"இன்னும் இல்ல."

வெளியே வரும் அம்புக்குறியைத் தட்டினாள். 'மாற்றங்களைக் கைவிடவா?' என்று கேட்டது. ஆமாம் என்று அழுத்தினாள். பளிங்குக் கன்னக்காரி போய், என்னுடைய ஐந்து வரி திரும்பி வந்தது.

"டர்னர் செத்துட்டாராடி?" என்று மெல்லக் கேட்டேன்.

"செத்தவுக ஆப்புக்குள்ள இருந்து எந்திச்சிப் போவ மாட்டாவ. படம் அங்கனயேதான் கெடக்கும். ஆப்ப போன்ல இருந்து எடுத்தாலும் நம்ம பேச்சு இருக்கும். மொத்தமா காணலன்னா ரெண்டுதான். ஒண்ணு, அன்மேட்ச் பண்ணிட்டாவ, போட்ட இதயத்தத் திருப்பி எடுத்துக்கிட்டாவ. இல்ல, கணக்கையே மூடிட்டாவ. எதுன்னு நமக்குத் தெரியாது. ஏன்னும் அது சொல்லாது. ஆருக்கும் சொல்லாது."

கேட்டுக்கொண்டிருந்த பேபி, "அப்ப ஒய்-ஒய் போட்டுப் பாக்கலாம்" என்றாள். கம்பெனியில் ஒரு பீஸ் திரும்பி வந்தால் ஏன், ஏன் என்று ஐந்து தடவை கேட்டுக்கொண்டே போனால் மூலகாரணம் கிடைத்துவிடுமாம். முத்து சாக்பீஸை எடுத்து மெனு பலகையில், போண்டாவுக்குக் கீழே எழுதினாள். 'டர்னர் ஏன் போனார்?' பக்கத்தில், 'தெரியாது.' சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டாள்.

"மிச்சம் நாலு?" என்றாள் பேபி.

"மொத கேள்விக்கே பதில் இல்ல. என்ன குறைன்னு ரிமார்க் இல்லாம ஒரே ஒரு பீஸ் திரும்பி வந்திருக்கு. அதுக்குப்போயி மெஷின் செட்டிங்க மாத்தினா, நல்லா வந்துகிட்டு இருந்ததும் கெட்டுரும்லா? சூப்பர்வைசர் கொன்னே போட்டுருவாரு."

பையிலிருந்து ஒரு மஞ்சள் ஸ்டிக்கரை எடுத்தாள். சிவப்பு ஒட்டினால் ரிஜெக்ட். மஞ்சள் என்றால் இன்னும் முடிவாகவில்லை, யாரும் கை வைக்கக் கூடாது. தேதியை எழுதி என் போனின் முதுகில் ஒட்டினாள். "ரெண்டு நாளு ஹோல்டு. ஆப்பத் திறக்கப்படாது."

அந்த இரண்டு நாள் லேசாகப் போனது என்று சொல்ல மாட்டேன். அரிசி களையும் நேரம் வந்தால் காது தானாகப் போன் பக்கம் போகும். ஒரு தடவை வெங்காயமே இல்லாமல் அழுதேன். பதினொரு நாள் ஒருவர் கேட்டார் என்பது நிஜம். இப்போது கேட்கவில்லை என்பதும் நிஜம். நடுவில் என்ன என்று எனக்குத் தெரியாது. அவருக்கு உடம்பு முடியாமல் போயிருக்கலாம், மகன் போனைப் பார்த்துக் கணக்கை மூடியிருக்கலாம், ரசமே பிடிக்காதவராக இருக்கலாம். ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். எதற்கும் என்னால் சாட்சி கொண்டுவர முடியவில்லை. இரண்டாம் நாள் சாயந்தரம் நினைத்து நினைத்து எனக்கே சலித்துப்போய், புளியைக் கரைக்கப் போய்விட்டேன்.

மூன்றாம் நாள் முத்து எதிரில் உட்கார்ந்து என் ஐந்து வரியையும் ஒவ்வொன்றாக வாசித்தாள்.

"இதுல எது பொய்?"

"எதுவும் இல்ல."

"எதையாவது எடுக்கணும்னு இப்பம் தோணுதா?"

யோசித்தேன். சர்க்கரை இருக்கத்தான் இருக்கிறது. ஏரிக்கரைக்குப் போகத்தான் போகிறேன். "பழகினால் பேசுவேன்னு எழுதுனேன் இல்ல? அத வேணா மெஸ் குரூப்புல பேசுவேன்னு மாத்திடலாம்" என்றேன். முத்து சிரித்து அடங்க நேரமானது. அதையும் மாற்றவில்லை.

டர்னர் திரும்ப வரவில்லை. ஏன் போனார் என்று இன்றுவரை தெரியாது. அந்த ஐந்து வரி அப்படியே இருக்கிறது. போன மாதம் குன்றத்தூர்க்காரர் ஒருவர், முன்னாள் பஸ் டிரைவர், இதயம் போட்டார், நானும் போட்டேன். அவருக்குக் காது மந்தம். ஆகவே இப்போது தட்டக் கற்றுக்கொண்டிருக்கிறேன்.

மஞ்சள் ஸ்டிக்கரைப் பிய்க்க விடாமல் பிள்ளைகள் வைத்திருக்கிறார்கள். ரசத்தை யாராவது தட்டில் மிச்சம் வைத்துவிட்டு எழுந்து போனால் போதும், மேசையிலிருந்து ஒரு குரல் வரும்.

"அம்மா, ஒருத்தி அன்மேட்ச் பண்ணிட்டா. ரிமார்க் இல்ல. நீ பாட்டுக்குப் புளிய மாத்திடாத."

நான் மாற்றுவதில்லை. நேற்று வார்டன் மேடம் சமையற்கட்டுக்கு வந்து, கதவைச் சாத்திவிட்டு, அந்த ஆப்புக்குப் பேர் என்ன என்று கேட்டார். சொன்னேன். வழக்கம்போல, "நோட்டட்" என்று சொல்லிவிட்டுப் போனார்.