கடைவாய்ப் பல்லும் ஒரு மன்னிப்பும்

பல் டாக்டரம்மா ஊசியை விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, நுனியில் ஒரு சொட்டு எட்டிப் பார்க்கும்வரை அழுத்தினாள். அதுவரை குகை மாதிரி வாயைத் திறந்து வைத்திருந்த அவள் கணவர் சட்டென்று மூடிக்கொண்டார்.

“என்னங்க?”

“ஒண்ணுமில்ல.”

“அப்போ வாயைத் திறங்க.”

“திறக்கறேன். உனக்குக் கோபம் எதுவும் இல்லையே?”

“எதுக்குக் கோபம்? நான்தான் மன்னிச்சிட்டேனே.”

இதைக் கேட்டதும் அவர் உதடுகளை இன்னும் இறுக்கிக்கொண்டார்.

கணவர் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். அதே பள்ளியின் கெமிஸ்ட்ரி டீச்சரோடு அவருக்கு ஒரு பழக்கம் ஏற்பட்டு, ஒரு கோடை முழுக்க ஓடி, மழைக்காலம் தொடங்குமுன் முடிந்திருந்தது. யாரும் கண்டுபிடிக்காதபோதும் அவராகவே வந்து மனைவியிடம் சொன்னார். டீச்சர் வேறு ஊருக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

டாக்டரம்மா கேட்ட அன்றைக்கே மன்னித்துவிட்டாள். அழவில்லை, கத்தவில்லை, ஒரு தட்டைக்கூட உடைக்கவில்லை. “சரி, முடிஞ்சு போச்சு. இனிமே இந்த வீட்டுல அந்தப் பேச்சே வேண்டாம்” என்று சொல்லிவிட்டுத் துணி மடிக்கப் போய்விட்டாள். விஷயம் தெரிந்த அவளுடைய அக்கா, உனக்குப் பெரிய மனசுடி என்று போனில் விசும்பினாள். டாக்டரம்மாவுக்கு அந்தப் பேச்சு பிடித்திருந்தது. அக்கா மறந்தாலும் அவள் மறக்காமல் அவ்வப்போது அந்தப் பேச்சை எடுத்துக் கொடுத்தாள்.

அப்படிப்பட்ட மனசைச் சந்தேகப்பட்டு வாயை மூடினால் யாருக்குத்தான் பொறுக்கும்? அவள் ஊசியைத் தட்டில் வைத்தாள். இன்றைக்கு உங்களுக்கு மனசு சரியில்லை போலிருக்கிறது, மாத்திரை தருகிறேன், இரண்டொரு நாள் கழித்துப் பார்க்கலாம் என்று மிக மரியாதையாகச் சொன்னாள். அந்த மரியாதைக்குப் பயந்துதான் அவர் வாயை மூடினார் என்பது அவளுக்குத் தெரியாது.

மாத்திரை வலியைக் குறைத்தது. வீக்கம் மட்டும் தன் வேலையைப் பார்த்தது. இடது கன்னம் உப்பி, வாத்தியார் வாய்க்குள் எலுமிச்சம்பழத்தை ஒளித்து வைத்தவர் மாதிரி ஆகிவிட்டார். பெண்டாட்டி பல் டாக்டர், புருஷன் இந்தக் கோலத்தில் நடக்கிறார் என்று தெருவே பார்த்தது. கிளினிக்குக்கு வழக்கமாக வருகிற பேஷன்ட் இரண்டு பேர் வரவில்லை. மாமியார் போன் பண்ணி, ஊரார் பல்லையெல்லாம் பார்க்கிறவளுக்கு என் பிள்ளை பல்லைப் பார்க்க நேரமில்லையா என்று கேட்டாள்.

வாத்தியார் ஒரு வழி சொன்னார். “பக்கத்துத் தெரு டாக்டர்கிட்ட போயிட்டு வந்துடறேனே. அவரும் நல்லாத்தான் பார்ப்பாராம்.”

“போங்களேன். வெளியில போறது உங்களுக்குப் புதுசா என்ன?”

சொன்ன பிறகுதான் டாக்டரம்மாவின் காதிலேயே அது விழுந்தது. நான் சாதாரணமாகத்தான் சொன்னேன் என்றாள். அவரும் சாதாரணமாகத்தான் எடுத்துக்கொண்டேன் என்றார். இருவரும் சாதாரணமாகச் சாப்பிட உட்கார்ந்தார்கள். அவருக்கு மெல்ல முடியவில்லை, அவளுக்கு விழுங்க முடியவில்லை.

மறுநாள் அவள் கிளினிக்கில் தன்னைத்தானே பரீட்சித்துப் பார்ப்பதென்று முடிவு செய்தாள். உள்ளே கோபம் இருக்கிறதா இல்லையா என்று தெரியாமல் ஒருவர் வாயில் டிரில்லை விடுவது தொழில் தர்மம் இல்லை அல்லவா? நர்ஸைக் கூப்பிட்டு, ஒரு பேஷன்ட்டின் குடும்ப விவகாரம் என்று சொல்லிக் கேட்டாள். நர்ஸ் உடனே போனில் தேடி, துரோகம் பண்ணினவர் சந்தோஷமாக இருப்பதாகக் கற்பனை செய்து பார்க்கச் சொல்லியிருக்கிறது, வயிறு இறுகினால் மன்னிக்கவில்லை என்று அர்த்தமாம் என்றாள். பிறகு, “சாருக்கு இப்போ கன்னம் எப்படி இருக்கு?” என்று கேட்டாள்.

டாக்டரம்மா கதவைச் சாத்திக்கொண்டு, சுண்ணாம்பில் செய்த மாதிரித் தாடையை மேஜையில் வைத்தாள். இது அவர் வாய் என்று நினைத்துக்கொண்டாள். அவர் டிவி பார்த்துச் சிரிப்பதாகக் கற்பனை செய்தாள். வயிறு இறுகவில்லை. பரவாயில்லையே என்று கடைவாய்ப் பல்லில் டிரில்லை வைத்தாள். எதைப் பார்த்துச் சிரிக்கிறார், யாரை நினைத்துச் சிரிக்கிறார் என்று ஒரு சின்னக் கேள்வி வந்தது. அடுத்த நிமிடம் டிரில் பல்லைத் தாண்டி, தாடையைத் தாண்டி, மேஜை விரிப்பில் நின்றது.

மேஜை ஆடியது என்று அவள் நர்ஸிடம் சொன்னாள். அன்று சாயங்காலம் பல் சுத்தம் செய்ய வந்த ஒரு கல்லூரிப் பெண், நாளைக்கு கெமிஸ்ட்ரி பரீட்சை என்று சொல்லித் தொலைத்தாள். டாக்டரம்மா கையைக் கட்டிக்கொண்டு, கொப்பளிம்மா, இன்னும் கொப்பளிம்மா என்று தண்ணீர் தீரும்வரை அவளைக் கொப்பளிக்க வைத்தாள்.

அத்தனைக்குப் பிறகும் அவள் விடவில்லை. கன்னம் இன்னும் வீங்கினால் ஆபத்து என்று டாக்டருக்குத் தெரியாதா? மறுநாள் காலையில் அவரையே வரச் சொன்னாள். பாட்டுப் போட்டாள். கழுத்துக்குத் தலையணை வைத்தாள். வாத்தியார் வந்து உட்காருமுன் கைக்கடிகாரத்தைக் கழற்றினார், மோதிரத்தைக் கழற்றினார், இரண்டையும் நர்ஸின் கையில் கொடுத்து, வீட்டில் சேர்த்துவிடுங்கள் என்றார். பிறகு கண்ணை மூடி வாயைத் திறந்தார்.

டாக்டரம்மா ஊசியோடு குனிந்தாள். அவர் தொண்டை பயத்தில் ஏறி இறங்கியது. அதைப் பார்த்ததும் அவள் நெஞ்சுக்குள் என்னவோ இனித்தது. சின்ன இனிப்புதான், நாக்கு நுனியில் சர்க்கரை பட்ட மாதிரி. ஆனால் அவளுக்கு அது புதிது இல்லை. அவர் சாவியைத் தொலைத்துவிட்டு மழையில் நின்ற அன்றும் இதே இனிப்பு. தலைமை ஆசிரியரிடம் திட்டு வாங்கி வந்த அன்றும் இதே இனிப்பு. எந்தச் சண்டையிலும் “நான் ஒண்ணும் சொல்லலையே” என்று அவள் சொன்னதும் அவர் வாயடைத்துப் போவாரே, அப்போதெல்லாம் இதே இனிப்பு. குளிக்கும்போது தண்ணீர்ச் சத்தத்தில் மனசுக்குள் அவரை நிற்க வைத்துக் கேள்வி கேட்பதும், அவர் பதிலே இல்லாமல் தோற்பதும் தினசரி நடக்கிறதே, அதை என்னவென்று சொல்வது?

அவள் ஊசியை வைத்துவிட்டாள்.

“நான் உங்களுக்கு ஊசி போட மாட்டேன்.”

அவர் ஒரு கண்ணைத் திறந்தார்.

“நான் மன்னிக்கலைங்க. மன்னிச்ச மாதிரி மூடி வெச்சிருக்கேன். எனக்கே இப்பத்தான் தெரியுது.”

வாத்தியார் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். கல்யாண போட்டோவில்கூட இல்லாத நிம்மதி ஒன்று, வீங்காத பாதி முகத்தில் தெரிந்தது. “நீ மன்னிச்சிட்டேன்னு சொன்ன நாள்லேருந்து எனக்குத் தூக்கமே இல்ல” என்றார். “நான் என்ன பண்ணினேன்னு நீ கேக்கவே இல்ல. நீ எதை மன்னிச்சேன்னு எனக்குப் புரியல.”

அதுதான் அவளுக்கும் புரியவில்லை. என்ன நடந்தது என்று தெரியாமலே ஒரேயடியாக மன்னித்திருந்தாள். அதனால் நடந்தது எதுவாக வேண்டுமானாலும் இருக்கலாம் என்று அவள் கற்பனை இஷ்டத்துக்கு மேய்ந்துகொண்டிருந்தது.

நர்ஸை வெளியே அனுப்பினாள். நர்ஸ் கதவுக்கு அந்தப் பக்கம் மிக அருகில் உட்கார்ந்தாள். அன்று காலை டாக்டரம்மா கேட்கவேண்டியதையெல்லாம் கேட்டாள். எனக்குக் காய்ச்சலாக இருந்தபோது மீட்டிங் என்று போனீர்களே, அது மீட்டிங்தானா? இல்லை என்றார். என்னைப் பற்றி அவளிடம் குறை சொன்னீர்களா? சொன்னேன் என்றார். ஏன் என்று கேட்டதற்கு மட்டும் காரணங்களை அடுக்கப் பார்த்தார், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டு, “உன் மேல தப்பு இல்ல, நான் பண்ணினது” என்றார். அவள் அழுதாள். பிறகு திட்டினாள். அவள் வாயில் அப்படிப்பட்ட வார்த்தைகள் இருப்பது அவருக்குத் தெரியாது, அவளுக்கே தெரியாது. துளை விழுந்த சுண்ணாம்புத் தாடையைத் தூக்கிச் சுவரில் அடித்தாள். அவர் எழுந்து ஓடவும் இல்லை, சமாதானம் பண்ணவும் இல்லை. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, இன்னும் இருந்தால் கேள் என்றார்.

அழுது முடித்து மூக்கைச் சிந்தியபோது, பல மாதங்களாக அடைத்துக்கொண்டிருந்த எதுவோ வழிவிட்ட மாதிரி இருந்தது. மன்னித்துவிட்டேன் என்று அவள் சொல்லவில்லை. நம்புகிறேன் என்றும் சொல்லவில்லை, அது வேறு கணக்கு, அதற்கு நாளாகும் என்றாள். அவர் தலையாட்டினார். இனி உங்களைக் கஷ்டப்படுத்திப் பார்க்க எனக்கு ஆசை இல்லை என்று மட்டும் சொன்னாள். சொல்லும்போது உண்மையாகவே இருந்தது.

“வாங்க, பக்கத்துத் தெருவுக்குப் போலாம். நானே கூட வரேன்.”

வழியில் அவர் ஒன்று சொன்னார். எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்ற ஆர்வத்தில் சொன்னார். டீச்சருக்கு முதன்முதலில் பிடித்தது அவருடைய சிரிப்புதானாம். பல் வரிசை முத்து மாதிரி இருக்கிறது என்றாளாம். டாக்டரம்மா நடையைக் கொஞ்சம் வேகமாக்கினாள். பிறகு, பரவாயில்லை, சொன்னது நல்லதுதான் என்றாள்.

பக்கத்துத் தெரு டாக்டர் வயதானவர், நிதானமானவர். போட்டிக் கடைக்காரி புருஷனோடு வந்து நிற்பதைப் பார்த்தும் எதுவும் கேட்கவில்லை. வாத்தியாரை நாற்காலியில் படுக்க வைத்து, விளக்கைத் திருப்பி, வாய்க்குள் எட்டிப் பார்த்தார்.

“அந்தக் கடைவாய்ப் பல்லைத் தவிர மத்ததெல்லாம் பளபளன்னு இருக்கே. யார் சுத்தம் பண்றது?”

“நான்தான்” என்றாள் டாக்டரம்மா. “வருஷா வருஷம் நான்தான்.”

அவள் நாற்காலியின் மறுபக்கம் நின்று கணவரின் கையைப் பிடித்துக்கொண்டாள். எத்தனையோ பேருக்கு ஊசி போட்டவள், இவருக்குப் போடுவதைப் பார்க்க முடியாமல் கண்களை இறுக மூடிக்கொண்டாள். நெஞ்சுக்குள் தேடிப் பார்த்தாள். அந்த இனிப்பு இல்லை. ஒரு துளிகூட இல்லை. பாவம், இவருக்கு வலிக்கக் கூடாது என்ற தவிப்புதான் இருந்தது. இதுதான் மன்னிப்பு போலிருக்கிறது, கடைசியில் வந்தேவிட்டது என்று நினைத்துக்கொண்டாள்.

அப்போது வாத்தியார் கட்டடமே அதிரும்படி அலறினார்.

டாக்டரம்மாவுக்கு எங்கிருந்துதான் அவ்வளவு ஆத்திரம் வந்ததோ. “என்ன டாக்டர், மனுஷனா மரக்கட்டையா? இப்படியா ஊசி போடறது? எனக்கு இருக்கறது ஒரே புருஷன், கொஞ்சம் பார்த்துப் போடக் கூடாதா?” என்று கண்ணீரோடு கண்ணைத் திறந்தாள்.

டாக்டர் மெதுவாகக் கண்ணாடியைக் கழற்றினார்.

“நான் இன்னும் ஊசியையே கையில எடுக்கலைம்மா. நீங்க முதல்ல சாரோட விரலை விடுங்க.”