இதர வேலைகள்

தன்னைப் பற்றித் தானே எழுதும்போது உண்மை பேசிய மனிதர் உலகில் ஒருவர்கூட இல்லை. கல்வெட்டு வெட்டிய பேரரசர்கள் முதல் கல்யாணத்துக்கு வரன் தேடுபவர்கள் வரை எல்லோரும் கொஞ்சம் கூட்டித்தான் எழுதியிருக்கிறார்கள். இந்த மாபெரும் விதிக்கு ஒரே விலக்கு, ஒரு மொத்த வியாபார நிறுவனத்தில் கணக்கராக இருந்த அவள். வேலைவாய்ப்பு வலைத்தளத்தில் அவளுடைய பக்கத்தில் ஒன்பது வருடமாக இருந்தது ஒரே வரி: 'கணக்கு மற்றும் இதர வேலைகள்.'

ஞாயிற்றுக்கிழமை காலை அதைப் படித்துவிட்டு அவளுடைய அண்ணி மடிக்கணினியைக் கொஞ்ச நேரம் மூடி வைத்தார். அண்ணி இரண்டு வருடம் ஆள் எடுக்கும் வேலையில் இருந்தவர்.

"இதர வேலைகள்னா என்னடி? காபி கலக்குறதா?"

"இல்லண்ணி. மாசக் கணக்கு முடிக்கிறது, பேங்க் ஸ்டேட்மென்ட்டோட ஒத்துப் பாக்குறது, ஆடிட்டருக்குப் பதில் சொல்றது..."

"அதை எழுத என்ன கேடு?"

"தற்பெருமை மாதிரி இருக்காதா?"

முந்தைய வாரம்தான் துணை மேலாளர் பதவிக்கு வெளியிலிருந்து ஒருவரைக் கொண்டுவந்திருந்தார்கள். ஏன் என்று அவள் கேட்கவில்லை. மேலாளரே வந்து சொன்னார்: "உன்ன மேலிடத்துல யாருக்கும் தெரியாதும்மா. நான் என்ன பண்ணட்டும்?" அதை அண்ணியிடம் சொல்லும்போது மட்டும் அவளுக்குக் கண் கலங்கியது. இன்னும் ஒன்பது வருடம் யாருக்கும் தெரியாமலே ஓடிவிடுமோ என்ற பயம் அது.

"கேளு," என்றார் அண்ணி. "ஆள் எடுக்கிறவங்க யாரும் உக்காந்து படிக்க மாட்டாங்க. தேடுவாங்க. கட்டத்துல 'மாதக் கணக்கு முடிப்பு'ன்னு அடிப்பாங்க. அந்த வார்த்தை இருக்கிற ஆளுங்க மட்டும் வரிசையா வருவாங்க. 'இதர வேலைகள்'னு தேடுறவன் இன்னும் பொறக்கலை. சரி, முன்னாடி மாசக் கணக்கு முடிக்க எத்தனை நாள் ஆச்சு?"

"பன்னெண்டு."

"இப்போ?"

"அஞ்சு."

"யார் குறைச்சது?"

"எல்லாரும் சேர்ந்துதான்."

"எல்லாரும்னா யாரு?"

அவள் நகத்தைப் பார்த்தாள். "நான்."

அண்ணி தட்டச்சினார்: 'மாதக் கணக்கு முடிப்பைப் பன்னிரண்டு நாளிலிருந்து ஐந்து நாளாகக் குறைத்தேன்.' வங்கி ஒப்பீடு, சரக்கிருப்புச் சரிபார்ப்பு, தணிக்கை என்று திறமைகள் வரிசையாக ஏறின. அண்ணன் கல்யாணப் படத்திலிருந்து வெட்டியெடுத்த அவளுடைய புகைப்படத்தில் அண்ணனின் தோள் கொஞ்சம் மிச்சம் இருந்தது. அதை அப்படியே விட்டார்கள். கடைசியாக அண்ணி, பழைய பதவிக்கு மேலே 'மூத்த கணக்கர்' என்று புதிதாக ஒன்றைச் சேர்த்தார்.

"ஐயோ, நான் மூத்த கணக்கர் இல்லண்ணி."

"உன் கூட இருக்கிறவங்க எல்லாம் உனக்கப்புறம் சேந்தவங்கதானே? அப்ப மூத்தவதான்."

சேமித்தார்கள். 'தொடர்பில் உள்ளவர்களுக்குத் தெரிவிக்கவும்' என்ற பொத்தான் இயங்கும் நிலையில் இருந்ததை இருவருமே பார்க்கவில்லை.

திங்கட்கிழமை அவள் அலுவலகத்துக்குள் நுழைந்தபோது நாற்பத்து மூன்று பேருக்குச் செய்தி போயிருந்தது: 'புதிய பொறுப்பை ஏற்றிருக்கிறார், வாழ்த்துங்கள்.' காவலாளி வாழ்த்தினார். கிடங்குக்காரர் வாழ்த்திவிட்டு, பார்ட்டி எப்போது என்று கேட்டார்.

மேலாளர் வாழ்த்தவில்லை. "ஏம்மா, யாரு உனக்குப் பதவி உயர்வு குடுத்தது? நான் கையெழுத்துப் போட்டதா ஞாபகமில்லையே."

"தப்பா ஏறிடுச்சு சார். இப்பவே எடுத்துடறேன்."

கழிவறைக்குள் போய்க் கைபேசியில் எடுக்க முயன்றாள். நீக்கும் பொத்தான் கண்ணில் படவில்லை. 'முடிந்த தேதி' என்ற கட்டம் மட்டும் பட்டது. முடிந்தால் போதும் என்று இன்றைய தேதியைப் போட்டாள். வலைத்தளம் தன் பங்குக்கு யோசித்து, பழைய பதவியையும் சேர்த்து முடித்துவைத்தது. பிறகு பரிவோடு கேட்டது: 'வேலை தேடுகிறீர்களா?' அந்தப் பெட்டியை எப்படியாவது மூடிவிட வேண்டும் என்று அவள் 'ஆம்' என்பதைத் தொட்டாள். யாருக்குத் தெரிய வேண்டும் என்ற அடுத்த கேள்விக்கு, ஏற்கெனவே குறியிட்டிருந்தபடியே, 'அனைவருக்கும்.'

பதினோரு மணிக்கு மேலாளர் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"காலையில மூத்த கணக்கர். இப்போ வேலையை விட்டுட்ட. படத்தைச் சுத்தி, 'வேலை தேடுகிறேன்'னு பச்சையா ஒரு வளையம் வேற."

"அது... சைட்ல ஏதோ கோளாறு சார்."

"விசுவாசம்னு ஒண்ணு இருக்கும்மா. நான் இந்தக் கம்பெனிக்குப் பதினாறு வருஷமா உழைக்கிறேன். ஒரு நாள், ஒரே ஒரு நாள், வெளிய எட்டிப் பாத்திருப்பேனா? அடுத்த வாரம் முதலாளிகிட்ட உன்னப் பத்திப் பேச வேண்டியிருக்கு."

அவள் தன் நாற்காலிக்கு வந்து உட்கார்ந்தாள். இருந்த வேலையும் போகப்போகிறது. அண்ணியிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருக்கும்போது கைபேசி ஒலித்தது. ஊரின் பெரிய நிறுவனம் ஒன்றிலிருந்து ஒரு பெண்குரல்.

"கணக்குப் பிரிவுத் தலைவர் போஸ்டுக்கு ஆள் பாக்குறோம். நாளைக்கு நாலு மணிக்கு வர முடியுமா?"

"நீங்க வேற யாரையோ..."

"இல்லைங்க, உங்களைத்தான். வந்துருங்க."

மறுநாள் அரை நாள் விடுப்பில் போனாள். நேர்காணலில் இரண்டு பேர். ஒருவர் நிதித் தலைவர், வெள்ளெழுத்துக் கண்ணாடியைத் தலைமேல் ஏற்றியிருந்த அம்மாள். இன்னொருவர் பணியாளர் பிரிவுக்காரர்.

அவள் உட்கார்வதற்குள்ளேயே சொல்லிவிட்டாள். "மேடம், முதல்லயே சொல்லிடறேன். அந்த 'மூத்த' எங்க அண்ணி போட்டது."

"இருக்கட்டும்," என்றார் அம்மாள். "எங்களுக்கு ரெண்டு கிளைக் கம்பெனி. ஒண்ணு இன்னொண்ணுக்குச் சரக்கு அனுப்புது. மாசக் கடைசியில ரெண்டு பேர் புத்தகமும் ஒத்துப்போகவே மாட்டேங்குது. ஏன்?"

அவளுடைய குரல் எங்கிருந்தோ வந்தது. "அனுப்புறவங்க லாரி கிளம்பின அன்னைக்கே எழுதுவாங்க. வாங்குறவங்க சரக்கு இறங்கின அப்புறம்தான் எழுதுவாங்க. நடுவுல வழியில இருக்கிறது யார் புத்தகத்துலயும் சரியா நிக்காது. எங்ககிட்டயும் இருந்துச்சு. இருபத்தஞ்சாம் தேதியே ரெண்டு பக்கமும் பட்டியல் வாங்கிடுவேன். வழியில இருக்கிற லாரியை மட்டும் தனியா ஒரு தலைப்புல வெச்சிடுவேன். ஏழு நாள் மிச்சமானது பாதி அதுலதான்."

"மீதிப் பாதி?"

"கேட்ட பில்லை அனுப்பாத விற்பனைக்காரங்களுக்கு, அவங்க வீட்டுக்காரம்மா நம்பர் என்கிட்ட இருக்குன்னு சொல்லி வெச்சேன்."

அம்மாள் கண்ணாடியை இறக்கி அவளை முதல் முறையாக நன்றாகப் பார்த்தார். மேலும் ஆறு கேள்விகள். ஆறுக்கும் அவள் கூச்சப்பட மறந்துபோய்ப் பதில் சொன்னாள். பணியாளர் பிரிவுக்காரர் எழுந்து நின்று, வெள்ளிக்கிழமை நியமனக் கடிதம் வரும் என்றார்.

படியிறங்கும்போது அவளுக்குக் கால் தரையில் படவில்லை. அண்ணியின் எழுத்துக்கு இவ்வளவு சக்தியா? வரவேற்பு மேசையில் பார்வையாளர் அட்டையைத் திருப்பிக் கொடுத்தாள். வரவேற்பாளர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். பேசியது தொலைபேசியில் கேட்ட அதே குரல்.

"நீங்கதானா அது? உங்களைத் தேடித் தேடி என் கண்ணே போச்சுங்க. ஆளுங்களைத் தேடுற வேலையும் இங்க என் தலையிலதான். உங்க கம்பெனி பேரைப் போட்டு, 'மாதக் கணக்கு முடிப்பு'ன்னு நாலு நாளாத் தேடுறேன், ஒருத்தரும் வரலை. நேத்துக் காலையில திடீர்னு நீங்க ஒரே ஆளா வந்து நிக்கிறீங்க."

"எங்க கம்பெனி பேரை எதுக்குப் போட்டீங்க?"

"போன புதன்கிழமை உங்க மேனேஜர் இதே போஸ்டுக்கு இன்டர்வியூ வந்திருந்தாரு. மேடம் கேட்ட ஏழு கேள்விக்கும், 'அதெல்லாம் எங்க ஆபீஸ்ல ஒரு பொண்ணு பாத்துக்கும்'னு சொன்னாராம். சரி, அந்தப் பொண்ணு பேரைச் சொல்லுங்கன்னு கேட்டிருக்காங்க. அவருக்குத் தெரியலையாம்."