லக்னம் திருடிய பிறந்த நேரம்

மலாயாவில் லாயாங் லாயாங் பக்கத்து ரப்பர் தோட்டங்களில் லக்னத்தை மிஞ்சிய சந்தேகப் பிராணி பிறந்ததே இல்லை. பிறந்திருந்தால் அந்த நேரத்தையும் லக்னம் குறித்து வைத்திருப்பார்.

எங்கள் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரஸ்ஸர் வேலை அவருக்கு. அவருக்கு ஜாதகப் பைத்தியம். இருமிக்கொண்டு யார் வந்தாலும் நாக்கை நீட்டச் சொல்லும் முன் "எந்த லக்னம்?" என்பார். பெயர் அப்படித்தான் ஒட்டிக்கொண்டது. மலேரியாவுக்குக் கொடுக்கும் கொய்னா மருந்தில் தண்ணீர் கலக்கிறார்கள் என்று கம்பெனி மீது சந்தேகம். சமையல்காரன் மீது சந்தேகம். அவரோடு ஒரே வீட்டில் குடியிருந்த, தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி நான், என் தலையணையைக்கூட அவர் ஒருமுறை சோதித்தார்.

அப்பேர்ப்பட்டவருக்கு நாற்பது வயதில் கல்யாணம் நிச்சயமானது. பெண், வேலைக்குப் போகிறவர்கள் குழந்தைகளை விட்டுப் போகும் பிள்ளைக் கொட்டகையில் ஆயாவாக இருந்த தனம். "எனக்குப் பிறந்த நேரம் தெரியாது. ஜாதகமே வேணாம், மனப்பொருத்தம் போதும்" என்று இவரே அவள் அப்பாவிடம் சொல்லிவிட்டார். ஜாதகம் பார்க்காத லக்னமா? எனக்கு அன்றே சந்தேகம் தட்டியது.

மறுநாளிலிருந்து ஆள் சரியில்லை. மருந்தறைக் கதவைச் சாத்திக்கொள்வார். நான் நுழைந்தால் மேசைமேல் வெள்ளைத் துணியை இழுத்து மூடுவார். இரண்டு நாள் சிரித்துக்கொண்டே திரிந்தவர், மூன்றாம் நாள் சாப்பிடவே இல்லை. துணியை நானே தூக்கிப் பார்த்தேன். பழைய பிறப்புப் புத்தகம். இந்த ஆஸ்பத்திரியில் பிறந்த தனத்தின் பெயர், வைகாசி மாதம், காலை பத்து மணி. பக்கத்தில் இவர் போட்ட பன்னிரண்டு கட்டம்.

"அந்தப் புள்ளய கழட்டி விடத்தானே தேடுறீங்க?" என்று கேட்டேன். எனக்குக் கோபம் பொங்கியது.

"இல்ல தம்பி. எனக்குப் பிறந்த நேரம் தெரியும். எட்டுல செவ்வாய். கட்டிக்கிறவ உயிருக்கு ஆகாதும்பாங்க. அவளுக்கும் தோஷம் இருந்தா ரெண்டும் சரியாப் போயிடும்னுதான் பாத்தேன். ஏழுல செவ்வாய் இருந்துச்சு. கோயிலுக்குக்கூட போயிட்டு வந்தேன்."

"அப்புறம் என்ன?"

"தப்புக் கணக்கு லா."

பஞ்சாங்கம் இந்தியாவில் எங்கள் ஊரிலிருந்து கப்பலில் வருவது. எங்கள் கடிகாரம் அந்த ஊரைவிட ஒன்றரை மணி முந்தி ஓடுவது. நட்சத்திரம் பார்க்க அந்த ஒன்றரை மணியைக் கழிக்க வேண்டும். லக்னத்துக்கோ பிறந்த இடத்துச் சூரிய உதயத்திலிருந்து எண்ண வேண்டும். மனிதர் ஆசை அவசரத்தில் லக்னத்துக்கும் கழித்து, ஊர் உதயத்திலிருந்து எண்ணி, மிதுன லக்னம் என்று எழுதிவிட்டார். தனுசில் இருந்த செவ்வாய் அதற்கு ஏழாம் இடம். சரியாகப் போட்டால் கடக லக்னம், செவ்வாய் ஆறில். தோஷமே கிடையாது.

"சுத்த ஜாதகம் தம்பி. நான் கட்டினா அவளுக்கு என்ன ஆகுமோ" என்று தலையில் கை வைத்துக்கொண்டார்.

வாசலில் தனம் நின்றாள். சொறி வந்த குழந்தை ஒன்று இடுப்பில். எவ்வளவு நேரமாக நின்றாளோ. உள்ளே வந்து கட்டத்துக்குப் பக்கத்தில் தன் பெயரை எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

"எங்க அம்மா வலியில கெடந்தப்ப எழுதினது இது. நீங்க கட்டம் போடவா எழுதினாங்க?"

"தப்புதான் தனம்."

"உங்க நேரம் தெரியாதுன்னு பொய் சொன்னீங்க. என் நேரத்த திருடிப் பாத்தீங்க. கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பேனே. எனக்குச் செவ்வாய் பயமில்ல, டிரஸ்ஸரே. உங்களத்தான் பயமா இருக்கு."

குழந்தைக்கு மருந்துகூட வாங்காமல் போய்விட்டாள். எல்லாரையும் சந்தேகப்பட்டவரை முதல்முறையாக ஒருத்தி சந்தேகப்பட்டாள். மனிதர் அதில் ஒடுங்கிப் போனார்.

ஒரு வாரம் கழித்து என்னையும் இழுத்துக்கொண்டு பிள்ளைக் கொட்டகைக்குப் போனார். தன் ஜாதக நோட்டையும் பிறப்புப் புத்தக அலமாரியின் சாவியையும் தனத்திடம் நீட்டினார்.

"இதுதான் என் ஜாதகம். பாத்துட்டு வேணாம்னா வேணாம்னு சொல்லு. சாவிய நீ வச்சுக்க. யாரு கேட்டாலும் அவங்கவங்க பக்கத்த மட்டும் காட்டு."

தனம் நோட்டைப் பிரிக்கவில்லை. "இதுல என்ன இருக்குன்னு நீங்களே எங்க அப்பாகிட்ட சொல்லுங்க" என்றாள். சொன்னார். நாக்குக் குழறக் குழறச் சொன்னார். நான் சாட்சி. அப்பா இரண்டு நாள் யோசித்தார். தனம் யோசிக்கவில்லை. தைப்பூசம் முடிந்து தாலி கட்டினார்கள்.

செவ்வாய் ஒன்றும் செய்யவில்லை. தனம் நான்கு பிள்ளை பெற்று, லக்னத்தை அதட்டிக்கொண்டு நன்றாகவே இருந்தாள்.

என் மூத்த மகள் அதே ஆஸ்பத்திரியில்தான் பிறந்தாள். முதல் அழுகை கேட்டு நான் வெளியே எழுந்து நின்றபோது லக்னம் வந்தார். தனத்திடம் சாவி வாங்கி எடுத்த புத்தகம் கையில். கடிகாரத்தைப் பார்த்தார், பேனாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"தம்பி, நேரத்த எழுதட்டுமா? நீ வேணாம்னா விட்டுடறேன்."

"எழுதுங்கண்ணே" என்றேன். அந்தத் தோட்டத்தில் வேறு எவர் கையிலும் அவள் நேரத்தை நான் கொடுத்திருக்க மாட்டேன்.